கடை மாமாவுடையது, கணக்கு யாருடையது?

எங்கட கூட்டத்தில இருக்கிற முக்கால்வாசிப் பேர் ஏதோ ஒரு காலத்தில இந்த வேலையைச் செய்திருக்கிறம். ஏ.எல் எழுதிப்போட்டு சும்மா இருந்த மாதங்களில், உட்துறைமுக வீதிப் பக்கம் மாமா ஒருத்தர் நடத்துற விருந்தினர் இல்லத்தையோ, மத்திய வீதியில சித்தப்பாவின்ர ஹாட்வெயார் கடையையோ கூகுள் மேப்பில ஏத்திக் குடுத்தது. நாலு போட்டோ, ஒரு போன் நம்பர், திறக்கிற நேரம், மூடுற நேரம். அரை மணித்தியால வேலை. ஒரு பிளேன்ரீயும் கொஞ்சக் காசும் கிடைச்சிருக்கும். பிறகு கம்பஸ் கிடைச்சு நாங்கள் போயிட்டம். சிலர் கட்டாருக்குப் போயிட்டினம். கடை அங்கேயே இருக்கு. ஆனால் அந்தக் கடையை மேப்பில வைச்சிருக்கிற ஜிமெயில் கணக்கு எங்கட பழைய போனோடு போயிட்டுது.

இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். கடையின் மேப் பதிவு களவு போகுது, முடக்கப்படுது என்று கேள்விப்படும்போது எல்லாரும் ஏதோ பெரிய ஹாக்கரை நினைக்கினம். பெரும்பாலும் அப்பிடி ஒருத்தரும் தேவையில்லை. யாரும் காவல் இல்லாத ஒரு பதிவு போதும். அந்தக் காவல் இல்லாத நிலையை உண்டாக்கினதில எங்களுக்கும் பங்கு இருக்கு என்பதுதான் எங்கட வாதம்.

முதலில், "சொந்தக்காரர்" என்றால் கூகுளுக்கு என்ன அர்த்தம் என்று பார்ப்பம். மேப்பில இருக்கிற ஒரு கடை, அந்தக் கடைக்காரர் போட்டதாக இருக்கவேண்டிய அவசியமில்லை. வழியால போன யாரும் ஒரு இடத்தைச் சேர்க்கலாம். அப்படி இருக்கிற பதிவின் கீழ Own this business? அல்லது Claim this business என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தி, கூகுள் கேட்கிற சோதனையில் தேறுகிறவர்தான் சொந்தக்காரர். காணி உறுதியில் பெயர் இருக்கிறவரோ, காலையில ஷட்டரைத் தூக்குகிறவரோ இல்லை. முதலில் வந்து தேறினவர்.

அந்தச் சொந்தத்துக்குள்ளேயும் மூன்று படி இருக்கு. முதன்மைச் சொந்தக்காரர் ஒருத்தர் மட்டும். அவருக்குக் கீழே மற்றச் சொந்தக்காரர்கள் எத்தனை பேரும் இருக்கலாம். அதுக்கும் கீழே மனேஜர். மனேஜர் நேரத்தை மாத்தலாம், படம் போடலாம், விமர்சனங்களுக்குப் பதில் எழுதலாம். ஆனால் ஆக்களைச் சேர்க்கவோ நீக்கவோ அவரால ஏலாது. நாங்கள் அரை மணித்தியாலத்தில செய்து குடுத்த பதிவுகளில் முதன்மைச் சொந்தக்காரர் யார்? நாங்கள்தான். மாமாவுக்கு மனேஜர் இடம்கூடக் குடுத்திருக்க மாட்டம். அவரிட்ட ஜிமெயில் இல்லை, அல்லது இருந்தும் பாஸ்வேர்ட் தெரியாது என்று சுலபமான வழியைப் பார்த்திருப்பம்.

இனி களவு எப்பிடி நடக்குது என்று பார்ப்பம். வழிகள் இரண்டு.

முதலாவது வழிக்குச் சொந்தமே தேவையில்லை. மேப்பில எந்த இடத்தைத் திறந்தாலும் Suggest an edit என்று இருக்கும். கடை இடம்மாறினால், நம்பர் மாறினால், பொதுமக்கள் சொல்லுறதுக்காக வைச்ச வசதி அது. ஆனால் அதே வசதியால கெட்டவரும் நம்பரை மாத்தச் சொல்லலாம். 2018ல் மகாராஷ்டிரத்தில இதுதான் நடந்தது. பாங்க் ஆப் இந்தியாவின் கிளைகளுக்கு மேப்பில இருந்த தொலைபேசி எண்ணை மோசடிக்காரர் தங்கட எண்ணாக மாத்திவிட்டினம். வங்கிக்கு எண்டு நினைச்சு அழைச்ச வாடிக்கையாளர்களிடம் அட்டை விபரமும் இரகசிய எண்ணும் கேட்டுக் காசை எடுத்தினம். மகாராஷ்டிர பொலிசின் சைபர் பிரிவுக்கு முறைப்பாடுகள் போன பிறகுதான் விசயம் வெளியில வந்தது. ஒரு வங்கியின் கணினிக்குள்ளேயும் ஒருத்தரும் நுழையவில்லை. மேப்பில ஒரு வரியை மாத்தினது மட்டும்தான்.

இந்த மாதிரித் திருத்தம் வந்தால் பதிவின் சொந்தக்காரருக்குத் தெரியவரும். அவர் உள்ளே போய்ப் பார்த்தால் எது மாத்தப்பட்டிருக்கு என்று காட்டும், வேண்டாம் என்று திருப்பலாம். ஆனால் அறிவித்தல் போறது பதிவை வைச்சிருக்கிற கணக்கின் மின்னஞ்சலுக்கு. அந்த மின்னஞ்சலை யார் பார்க்கினம்?

இரண்டாவது வழி சொந்தத்தையே எடுக்கிறது. ஏற்கனவே ஒருத்தர் உரிமை கோரின பதிவை இன்னொருத்தர் கேட்டால், கூகுள் Request access என்று ஒரு விண்ணப்பம் வைக்க விடும். இப்போது சொந்தக்காரராக இருக்கிறவருக்கு ஒரு மின்னஞ்சல் போகும். பதில் சொல்ல அவருக்கு 3 நாள். முன்னம் அது 7 நாளாக இருந்தது. ஏற்றுக்கொள்ளலாம், மறுக்கலாம். 3 நாளும் பதிலே இல்லையென்றால், கேட்டவருக்குத் தானே சோதனையில் தேறி உரிமை கோருகிற வாய்ப்புக் கிடைக்கலாம்.

மூன்று நாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மின்னஞ்சல் வந்தால் திங்கள் பின்னேரம் முடிஞ்சுது. கம்பசில அசைன்மென்ட் கிழமை என்றால் நாங்கள் பழைய மெயிலைத் திறந்தே பார்க்க மாட்டம்.

ஒரு விருந்தினர் இல்லத்தின் பதிவை எடுத்து ஒருத்தருக்கு என்ன லாபம்? இதுக்குப் பதில் கூகுளும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்து ஆய்வாளர்களும் சேர்ந்து 2017ல் வெளியிட்ட ஆய்வில இருக்கு. கூகுள் மேப்பில் முடக்கப்பட்ட 100,000க்கும் மேற்பட்ட போலிப் பதிவுகளை அவர்கள் ஆராய்ஞ்சவை. அதில ஆகப் பெரிய பங்கு பூட்டுத் திருத்துறவர், குழாய் திருத்துறவர் மாதிரி வீட்டுக்கு வந்து வேலை செய்யிற ஆக்களின் பெயரில் வந்த போலிகள். ஆனால் பத்தில ஒரு பங்கு வேற மாதிரி. அவை உண்மையான ஹோட்டல்கள், உணவகங்கள். கடை உண்மை, இடம் உண்மை, சாப்பாடும் உண்மை. பதிவின் உரிமை மட்டும் வேற ஒருத்தரிடம். வாடிக்கையாளர் மேப்பைப் பார்த்து அழுத்திறார், அறை பதிவாகுது, எல்லாம் சரியாகவே நடக்குது. பின்னால அந்த இடைத்தரகர், "நான்தான் உங்களுக்கு இந்த ஆளை அனுப்பினேன்" என்று ஹோட்டலிடம் கமிசன் வாங்குறார். அந்த ஆள் எப்படியும் வரவிருந்தவர்தான்.

இதில இருக்கிற நுட்பத்தைப் பாருங்கோ. கடைக்காரருக்கு வியாபாரம் குறையவில்லை. அதால அவருக்குச் சந்தேகமும் வராது. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை எங்கட பக்கம் சீசன். உப்புவெளி, நிலாவெளி, புறாமலை என்று வாறவை எல்லாம் போனில மேப்பைப் பார்த்துத்தான் அறை தேடினம். அறை ஒரு இரவுக்கு 8,000 ரூபா, கமிசன் 15 வீதம் என்று வைச்சுக்கொண்டால், ஒவ்வொரு இரவும் 1,200 ரூபா மாமாவின் கையில இருந்து போகுது. நாலு அறை, நூறு இரவு என்று கணக்குப் போட்டால் 480,000 ரூபா. மாமா அதைச் "சீசன் செலவு" என்று நினைச்சுக்கொண்டு இருப்பார்.

கண்டுபிடிக்க வழி இருக்கு, அதுவும் லேசானது. பதிவோட சம்பந்தப்படாத ஒரு போனில, கணக்கு எதுவும் திறக்காமல், கடையின் பெயரைத் தேடுங்கோ. காட்டுற நம்பர் உங்கட நம்பரா? இணையத்தள இணைப்பை அழுத்தினால் எங்க போகுது? அறை பதிவு செய்யிற பொத்தான் யாரிடம் கொண்டுபோகுது? வந்து இறங்குற ஆட்களிடம் "எந்த நம்பருக்கு எடுத்தனீங்கள்?" என்று கேளுங்கோ. இந்த ஒரு கேள்வியை மாமா வரவேற்பு மேசையில வைச்சுக் கேட்டாலே போதும்.

இனிச் சோதனைக்கு வருவம். உரிமை கோருகிறவர் உண்மையான கடைக்காரரா என்று பார்க்கக் கூகுளிடம் பல முறைகள் இருக்கு: தொலைபேசி, மின்னஞ்சல், தபால் அட்டை, வீடியோ. எது உங்களுக்கு என்று கூகுளே முடிவெடுக்கும். நீங்கள் தெரிவு செய்ய ஏலாது.

தபால் அட்டைதான் பழைய முறை. பதிவில குடுத்த முகவரிக்கு ஒரு அட்டை வரும், அதில ஒரு இரகசிய எண் இருக்கும், அதை உள்ளே போய்ப் பதியவேணும். அட்டை வந்துசேர 14 நாள் வரை ஆகலாம் என்று கூகுள் சொல்லும். எண் 30 நாளில காலாவதியாகும். காத்திருக்கிற நாட்களில கடையின் பெயரையோ முகவரியையோ மாத்தக்கூடாது. அவசரப்பட்டு இன்னொரு அட்டை கேட்டால், வழியில வந்துகொண்டிருக்கிற பழைய அட்டையின் எண் செல்லாது. பலர் மாட்டுப்படுறது இந்த இடத்தில. பத்தாம் நாள் பொறுமை இழந்து திரும்பக் கேட்பினம், பன்னிரண்டாம் நாள் முதல் அட்டை வரும், எண்ணைப் போட்டால் பிழை என்று காட்டும்.

எங்கட பக்கத்து முகவரிகள் எப்பிடி என்று எங்களுக்குத் தெரியும். "கோயிலுக்கு முன்னால, டெய்லர் கடைக்கு அங்கால ஒழுங்கை." தபால்காரருக்கு அது போதும், ஏனென்றால் அவருக்கு மாமாவைத் தெரியும். ஆனால் அட்டையில இருக்கிறது கடையின் ஆங்கிலப் பெயரும், மேப்பில இருந்து எடுத்த வீதிப் பெயரும். வீட்டு இலக்கம் இல்லாமல் அது எங்கேயோ சுத்தும்.

இதைவிடப் பெரிய குறை வேற. தபால் அட்டை நிரூபிக்கிறது ஒன்றே ஒன்றைத்தான்: அந்த முகவரிக்கு வாற கடிதத்தை இவரால எடுக்க முடியும். கடை இருக்கா, அதை இவர் நடத்துறாரா என்று அது கேட்கிறதே இல்லை. அதால மோசடிக்காரர் தபால் பெட்டி முகவரிகளை வாடகைக்கு எடுத்து, அவற்றில போலிக் கடைகளைப் பதிஞ்சவை. நேர்மையான மாமாவின் அட்டை வழியில தொலையுது. போலிக்காரரின் அட்டை ஒழுங்காப் போய்ச் சேருது.

அதாலதான் இப்ப வீடியோ. பலர் இதைத் தொல்லை என்று நினைக்கினம். எங்கட கருத்து வேற. எங்கட ஊருக்குத் தபால் அட்டையைவிட வீடியோதான் நியாயமானது. ஏனென்றால் வீட்டு இலக்கம் இல்லாட்டியும் கடை இருக்கு, திறப்பு இருக்கு, பக்கத்துக் கடை இருக்கு. அவற்றைக் காட்டலாம்.

வீடியோவில மூன்று விசயம் தெரியவேணும். இடம் எங்க இருக்கு, கடை உண்மையில இருக்கா, எடுக்கிறவருக்கு அதில அதிகாரம் இருக்கா. வெட்டு ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக எடுக்கவேணும், 30 செக்கனுக்குக் குறையக்கூடாது. முன்னம் எடுத்து வைச்ச வீடியோவை ஏத்த ஏலாது. பதிவுக்குள்ள போய், போனிலேயே, அந்த நேரத்தில எடுக்கவேணும்.

உட்துறைமுக வீதியில இருந்து இறங்கிற ஒரு ஒழுங்கையில நாலு அறை விருந்தினர் இல்லம் ஒன்று இருக்கு என்று கற்பனை பண்ணுவம். வீடியோ இப்பிடிப் போகவேணும். வீதியில நின்று தொடங்குங்கோ. வீதிப் பெயர்ப்பலகை இருந்தால் அதில இரண்டு செக்கன் நிப்பாட்டுங்கோ. பக்கத்துக் கடையின் பலகையும் தெரியட்டும். போனைக் கீழ இறக்காமல் ஒழுங்கைக்குள்ள நடவுங்கோ. வாசலில இல்லத்தின் பெயர்ப்பலகை. இங்க கவனம்: பலகையில இருக்கிற பெயரும் மேப்பில இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்கவேணும். பிறகு படலையைத் திறப்புப் போட்டுத் திறவுங்கோ. இது முக்கியமான இடம். வாடிக்கையாளராலயும் வாசல் வரை வந்து படம் எடுக்கலாம், பூட்டைத் திறக்க அவரால ஏலாது. உள்ளே வரவேற்பு மேசை, அறைத் திறப்புகள் தொங்குற பலகை, வந்துபோற ஆக்கள் பதியிற கொப்பியின் மட்டை. கடைசியாகச் சுவரில தொங்குற வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். எழுத்து வாசிக்கக்கூடிய அளவுக்குக் கிட்டப் போய், அசையாமல் வைச்சிருங்கோ. எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிசம் வரும்.

ஆட்களின் முகம் வரக்கூடாது. வங்கிக் கணக்கு இலக்கம், அடையாள அட்டை இலக்கம் மாதிரி எதுவும் வரக்கூடாது. விருந்தாளிகள் இல்லாத நேரமாக, வெளிச்சம் இருக்கிற நேரமாகப் பார்த்து எடுங்கோ. எடுத்து முடிய அது ஏறி முடியும்வரை போனை மூடாதேங்கோ. உள்ளே சிக்னல் இல்லாத வீடு என்றால் வை-பை இருக்கிற இடத்துக்கு வந்து நில்லுங்கோ. பார்த்துப் பதில் சொல்ல அவைக்குச் சில நாட்கள் எடுக்கும்.

தோற்கிற வீடியோக்களும் ஒரே மாதிரித்தான் இருக்கும். உள்ளுக்குள்ள மட்டும் எடுத்தது, வெளி வீதி தெரியாதது. பலகை இல்லாதது, அல்லது பிளாஸ்டிக் பனரில் தற்காலிகமாகக் கட்டினது. எல்லாம் காட்டி, அதிகாரத்தை மட்டும் காட்டாமல் விட்டது. மூன்றாவதுதான் அதிகம் மறக்கிறது.

இனி முடக்கம். களவும் முடக்கமும் ஒன்றில்லை, ஆனால் ஒரே வீட்டுக்கு இரண்டும் வரும். சில நேரம் பதிவு மேப்பில அப்பிடியே இருக்கும், உங்களால உள்ளே எதையும் மாத்த ஏலாது. சில நேரம் மேப்பில இருந்தே காணாமல் போயிடும், விமர்சனங்களோடு சேர்ந்து. எங்கட வேலையால வந்த முடக்கம்தான் இதில அதிகம் என்று சொன்னால் கோவிக்காதேங்கோ. கடையின் பெயர் மூன்று சொல்லாக இருக்கும். நாங்கள் மேப்பில அதுக்குப் பின்னால "திருகோணமலை சிறந்த மலிவு ஹோட்டல் பீச் ரூம்" என்று வால் கட்டிவிட்டிருப்பம், தேடலில மேல வரட்டும் என்று. பலகையில இல்லாத சொல்லைப் பெயரில சேர்க்கக்கூடாது என்பது கூகுளின் விதி. அதேபோல, வரவேற்பு ஆள் ஒருத்தரும் இல்லாமல் வாடகைக்கு விடுற விடுமுறை வீட்டுக்குத் தனிப் பதிவே குடுக்கமாட்டினம்.

முடக்கினால் முதலில் செய்யக்கூடாதது: புதுசாக இன்னொரு பதிவு திறக்கிறது. அது இரட்டைப் பதிவாகி நிலைமையை மோசமாக்கும், பழைய விமர்சனங்களும் வராது. செய்யவேண்டியது மேன்முறையீடு. அதுக்கு முதல் பிழையைத் திருத்துங்கோ, பெயரின் வாலை வெட்டுங்கோ. பிறகு ஆவணங்களை ஒரே இடத்தில படம் எடுத்து வையுங்கோ. மேன்முறையீட்டை அனுப்பினதும் ஆதாரம் ஏத்த ஒரு படிவம் வரும், அதைத் திறந்த நேரத்தில இருந்து 60 நிமிசம்தான் இருக்கு. அந்த நேரத்தில மாமி அலுமாரியில கரண்ட் பில் தேடிக்கொண்டிருந்தால் சரிவராது.

கேட்கிற ஆதாரங்கள்: வியாபாரப் பதிவுச் சான்றிதழ், அனுமதிப்பத்திரம், வரிச் சான்று, மின்சார, தண்ணி, தொலைபேசிப் பட்டியல்கள். பெயரும் முகவரியும் மேப்பில இருக்கிறதோட பொருந்தவேணும்.

எங்கட கோபம் இந்த இடத்தில்தான். எங்கட ஊரில எத்தனை வீட்டில கரண்ட் பில் இருக்கிறவரின் பெயரில வருது? பலவற்றில செத்துப்போன தாத்தாவின் பெயர்தான். சண்டை, இடம்பெயர்வு, சுனாமி என்று பல தடவை வீட்டை விட்டுப் போய்த் திரும்பின ஊர் இது. கடதாசிகள் எல்லாரிடமும் ஒழுங்காக இல்லை. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில பதியாமலே இருபது வருசம் கடை நடத்துறவை இருக்கினம். தெருவுக்கே அவையைத் தெரியும், ஆனால் அவையின் பெயரில ஒரு கடதாசி இல்லை. கமிசன்காரரிடம் கடதாசி இருக்கும், அதுதானே அவரின் தொழில். சோதனை நேர்மையை அளக்கவில்லை, ஆயத்தத்தை அளக்குது.

அதுக்காகச் சோதனையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சிலர் "3 நாளை 30 நாளாக்கவேணும்" என்று சொல்லுவினம். நாங்களும் முதலில் அப்பிடித்தான் நினைச்சம். பிறகு மறுபக்கத்தில இருந்து யோசிச்சம். மாமாவின் பதிவு கட்டாருக்குப் போன பொடியனின் கணக்கில கிடக்கு, அவன்ர பாஸ்வேர்ட் அவனுக்கே தெரியாது. மாமா தன்ர கடையைத் திரும்ப எடுக்கிற வழி எது? அதே Request access தான். அதே 3 நாள்தான். திருடன் நுழையிற கதவும் சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்புற கதவும் ஒன்றுதான். கதவை இறுக்கினால் இருவருக்கும் இறுகும். அதால நாளைக் கூட்டுறதைவிட, அறிவித்தலைக் கூட்டவேணும் என்பது எங்கட நிலைப்பாடு. மின்னஞ்சலுக்கு மட்டும் சொல்லாமல், பதிவில இருக்கிற கடையின் தொலைபேசிக்கும் ஒரு குறுஞ்செய்தி போகட்டும். தமிழில போகட்டும். "உங்கட கடையை ஒருத்தர் கேட்கிறார்" என்று ஒரு வரி. மாமாவுக்கு மெயில் பார்க்கத் தெரியாது, மெசேஜ் பார்க்கத் தெரியும்.

அதைக் கூகுள் எப்ப செய்யும் என்று காத்திருக்க ஏலாது. எங்கட பங்கை நாங்கள் இந்த லீவில செய்யலாம். ஊருக்கு வாற எல்லாரும், முன்னம் ஏத்திக் குடுத்த கடைகளுக்கு ஒருக்காப் போவம். மாமாவின் பெயரில, மாமாவின் போனில ஒரு ஜிமெயில் திறந்து, இரண்டடுக்குப் பாதுகாப்புப் போட்டு, பாஸ்வேர்டை அவர் விரும்புற கொப்பியில எழுதி வைப்பம். பழைய கணக்கால உள்ளே போய், Business Profile settings, பிறகு People and access. அங்க மாமாவைச் சொந்தக்காரராகச் சேர்க்கவேணும். உடனே முதன்மை இடத்தை மாத்த விடாது. புதுசாச் சேர்ந்தவருக்கு முதல் 7 நாள் சில அதிகாரங்கள் இல்லை: மற்றவரை நீக்க ஏலாது, முதன்மைச் சொந்தம் வாங்க ஏலாது. இந்தத் தடை நல்லதுக்குத்தான். ஏமாந்து ஒரு தரகரைச் சேர்த்துவிட்டாலும், அவர் உங்களை வெளியே தள்ள முதல் நீங்கள் அவரைத் தள்ள ஒரு கிழமை இருக்கு.

அதால லீவின் முதல் நாளே சேர்த்துவிடுங்கோ. எட்டாம் நாள் திரும்பிப் போய் முதன்மைச் சொந்தத்தை மாமாவுக்கு மாத்துங்கோ. உங்களை மனேஜராக இறக்கிக்கொள்ளுங்கோ. அந்தப் பட்டியலில தெரியாத பெயர் ஏதும் இருந்தால் மாமாவிட்டக் கேட்டு நீக்குங்கோ. போகேக்க ஒரு வரி சொல்லிப்போட்டு வாங்கோ: "போனுக்கு வாற இரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதேங்கோ மாமா, கூகுளில இருந்து கதைக்கிறம் என்று சொன்னாலும் சொல்லாதேங்கோ."

வியாபாரப் பெயர் பதியாத கடை என்றால், கையோட பிரதேச செயலகத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கோ. பலகையில எழுதியிருக்கிற அதே பெயரில, அதே எழுத்தில பதியச் சொல்லுங்கோ. அந்தச் சான்றிதழ் ஒன்று இருந்தால் வீடியோவுக்கும் உதவும், மேன்முறையீட்டுக்கும் உதவும், தாத்தாவின் பெயரில வாற கரண்ட் பில்லைப் பற்றியும் அவ்வளவு கவலைப்படத் தேவையில்லை.

அரை மணித்தியாலத்தில ஏத்தின பதிவை ஒழுங்காகக் கையளிக்க ஒரு கிழமை எடுக்கும். அந்தப் பிளேன்ரீக்கும் காசுக்கும் நாங்கள் செய்யாமல் விட்ட மிச்ச வேலை அது.